படிக்காத கணக்குப் பாடம்: 19 ஆண்டுகள் கழித்தும் திரும்பி வந்த ஒரு தேர்வுக் கனவு

"பரீட்சை பத்து மணிக்கு. மணி ஒன்பது ஐம்பதுக்குத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது, செமஸ்டர் முழுக்க அந்தக் கணக்கு வகுப்புக்கு ஒருநாள்கூடப் போகவில்லை என்று. ஹால் எங்கே என்று தெரியவில்லை. எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன். கேள்வித்தாளைத் திருப்பினால் ஒரு வரிகூடப் புரியவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேனா சத்தம் கேட்கிறது மேடம், அதுதான் தாங்க முடியவில்லை."

இதைச் சொன்னவருக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேலாளர். பட்டம் வாங்கி 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தக் கனவு அவருக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போகும், காலையில் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார், அதோடு முடிந்துவிடும். ஆலோசனைக்காக என்னிடம் வந்தபோது நிலைமை வேறு. நான்கு மாதங்களாக ஏறத்தாழ வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது. அதிகாலை நாலரைக்கு நெஞ்சு படபடக்க விழிப்பார், அப்புறம் தூக்கம் வராது. "எனக்குத் தன்னம்பிக்கை குறைந்துவிட்டது, அதைத்தான் கனவு சொல்கிறது" என்ற முடிவோடுதான் வந்து உட்கார்ந்தார். அந்த முடிவு சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. அவர் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

முதலில் விலக்க வேண்டியவை

கனவுக்கு அர்த்தம் தேடுவதற்கு முன்னால் உடம்பைப் பற்றிக் கேட்பது என் வழக்கம். திடீரெனக் கனவுகள் அடிக்கடி வந்தால், தெளிவாக நினைவில் நின்றால், காரணம் மனக்கவலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல, கனவுகள் செறிந்து வரும் ரெம் உறக்கத்தைக் குறைக்கும். அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த ரெம் உறக்கம் பொங்கி எழும். இரவில் மது குடித்தாலும் இதுதான் கதை: முன்னிரவில் ரெம் உறக்கம் குறையும், பின்னிரவில் கனவுகள் மொய்க்கும். குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். தூக்கத்தில் கை காலை உதறுகிறார், கனவில் நடப்பதை அப்படியே செய்கிறார் என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அது கலந்துரையாடிப் பேசித் தீர்க்கும் சங்கதி அல்ல.

இவருக்கு இதில் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. வார நாட்களில் பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுவார். வாரக் கடைசியில் ஒன்பது மணி வரை தூங்குவார். ரெம் உறக்கம் இரவு முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று வரும், விடியலை நெருங்க நெருங்க அதன் பங்கு நீளும். ஐந்து மணி நேரத்தோடு எழுந்துவிடுகிறவர் தன் ரெம் உறக்கத்தின் கணிசமான பகுதியை இழக்கிறார். சனி, ஞாயிறில் உடம்பு அதை ஈடுகட்டப் பார்க்கும். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மாலையில் ஒரு பக்கம், காலையில் ஒரு பக்கம்

கனவை விளக்கும்போது எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கனவு வந்த பிறகு, நேற்று என்ன நடந்தது என்று தேடுவோம். தேடினால் ஏதாவது ஒரு கவலை கண்டிப்பாக அகப்படும், ஏனென்றால் கவலை இல்லாத நாள் யாருக்கும் இல்லை. உடனே "ஆஹா, இதனால்தான்" என்று தோன்றும். கனவே வராத இரவுகளுக்கு முந்தைய நாளிலும் அதே கவலை இருந்திருக்கும். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனால் அவரிடம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். படுக்கப் போகும் முன் இடது பக்கத்தில் இரண்டே கேள்விகளுக்குப் பதில்: நாளை என்னை யாராவது எடைபோடப் போகிறார்களா? எதை வைத்து எடைபோடுவார்கள் என்று எனக்குத் தெரியுமா? கூடவே மனதில் கிடக்கும் விஷயம் ஏதாவது இருந்தால் ஒரு வரி. காலையில் எழுந்ததும் வலது பக்கத்தில், கனவு வந்ததா இல்லையா, வந்தால் அதில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு விழித்தார். இரவில் எழுதியதைக் காலையில் திருத்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கனவு வராத நாளிலும் "இல்லை" என்று எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகத் தேர்வுக் கனவு காண்பவர்களோடு பேசியதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வேலை அதிகம் என்பதால் மட்டும் இந்தக் கனவு வருவதாகத் தெரியவில்லை. கனவின் உள்ளே இருப்பது உழைப்பின் களைப்பு அல்ல. என்ன கேட்பார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் திகில் அது.

பத்து வாரங்கள், 70 இரவுகள், ஒன்றுகூட விடாமல் எழுதினார். கணக்குப் பிரிவு ஆள் என்பது இங்கே கைகொடுத்தது.

நோட்டு காட்டியது

70 இரவுகளில் கனவு வந்தது 9 முறை. "எடைபோடுவார்கள், எதை வைத்து என்று தெரியாது" என அவர் முன்கூட்டியே குறித்த மாலைகள் 16. அந்த 16 இரவுகளில் கனவு வந்தவை 6. மீதி 54 இரவுகளில் 3 மட்டுமே.

எண்ணிக்கை சிறியது, ஒரே ஆளுடையது. இதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் இந்த மனிதரின் வாழ்க்கைக்குள் அது பேசியது தெளிவாக இருந்தது. அந்த 16 மாலைகளில் பத்து செவ்வாய்க்கிழமைகள். புதன் காலை பத்து மணிக்கு, எட்டு மாதம் முன்பு பொறுப்பேற்ற இயக்குநரோடு வாராந்தரக் கூட்டம். அவர் முன்கூட்டி எதையும் சொல்ல மாட்டார். இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளில் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு "சரி" என்பார், அது நல்ல "சரி"யா கெட்ட "சரி"யா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு கனவுகளில் ஐந்து புதன் விடியற்காலையில் வந்தவை.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு வாரம். அந்தப் பத்து வாரங்களுக்கு நடுவில் ஆண்டுத் தணிக்கை வந்தது. ஐந்து நாட்கள், தினமும் பதினான்கு மணி நேர வேலை, வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள், ஒரு தவறு கண்டுபிடித்தாலும் பெயர் கெடும். அவர் அந்த வாரம் கனவு தினமும் வரும் என்று எதிர்பார்த்தார், பயந்தார். ஒருநாள்கூட வரவில்லை. ஏன் என்று இருவரும் யோசித்தபோது அவரே சொன்னார்: "ஆடிட்டில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும் மேடம். அவர்கள் கையில் இருக்கும் பட்டியல் என் கையிலும் இருக்கிறது."

இந்த இடத்தில் "தன்னம்பிக்கைக் குறைவு" என்ற அவருடைய முதல் விளக்கம் ஆட்டம் கண்டது. திறமையைப் பற்றிய சந்தேகம்தான் காரணம் என்றால் தணிக்கைதான் அவரைப் படுத்தியிருக்க வேண்டும். தணிக்கையில் பாடத்திட்டம் இருந்தது. புதன்கிழமையில் அது இல்லை.

ஒரு கனவு அல்ல, இரண்டு

மிச்சமிருந்த மூன்று கனவுகளுக்கு வருகிறேன். ஒன்று ஞாயிறு காலை எட்டரை மணிக்கு வந்தது, முந்தைய மாலைக் குறிப்பில் எந்தக் கவலையும் இல்லை. வாரம் முழுக்கக் குறைந்த உறக்கம் ஈடுகட்டப்பட்ட நீண்ட காலை அது. கனவு நீளமாக, குழப்பமாக இருந்தது, பயம் குறைவு. அதற்குமேல் அதில் அர்த்தம் தேட நான் விரும்பவில்லை.

மற்ற இரண்டை வாசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. முதல் நாள் அவர் சொன்னது ஒரே கனவு. நோட்டில் எழுதியபோது அது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. புதன்கிழமைக் கனவுகளில் அவர் ஹாலுக்குள் உட்கார்ந்திருப்பார், கேள்வித்தாள் புரியாது, பேனா சத்தம் கேட்கும். வகுப்புக்குப் போகாதது அந்தக் கனவுகளில் எங்கும் இல்லை. இந்த இரண்டில் ஹாலே வரவில்லை. நோட்டீஸ் போர்டில் தன் பெயருக்கு எதிரே ஒரு பாடம் இருப்பதைப் பார்க்கிறார். பதிவு செய்தது அவர்தான், ஆனால் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. அங்கே இருந்த உணர்வு திகில் அல்ல. குற்ற உணர்வு. "யாரிடமாவது சொல்லியிருக்கலாமே" என்று கனவுக்குள்ளேயே நினைத்ததாக எழுதியிருந்தார்.

"அதே கனவு மறுபடி மறுபடி வருகிறது" என்று சொல்பவர்களை நான் எழுதச் சொல்வது இதற்காகத்தான். வாயால் சொல்லும்போது நினைவு எல்லாவற்றையும் ஒரு கதையாகக் கோத்துவிடும்.

அந்த இரண்டு இரவுகளின் இடது பக்கத்தைப் புரட்டினோம். ஒன்றில்: "இன்றும் லேபுக்குப் போகவில்லை." இன்னொன்றில்: "ரத்தப் பரிசோதனை பற்றி அவள் மறுபடி கேட்டாள்." விஷயம் இதுதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்ததால், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு மாதம் ஓடிவிட்டது. சீட்டு மேஜை இழுப்பறையில் கிடந்தது. பேர் பதிந்த பாடம், போகாத வகுப்பு. இரண்டே இரவுகளை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வரிகளும் கனவுக்கு முன்னால் எழுதப்பட்டவை.

ஏன் பரீட்சை ஹால், ஏன் கணக்கு

அலுவலகக் கூட்டத்தைப் பற்றிய பயம் கூட்டமாகவே கனவில் வரலாமே, ஏன் கல்லூரிக்குப் போகிறது? கனவில் வருவது பகல் நிகழ்ச்சியின் நகல் அல்ல, பகலில் நம்மைப் பிடித்து வைத்திருக்கும் கவலையின் தொடர்ச்சி என்பது கனவு ஆய்வாளர் கால்வின் ஹால் முதலானோர் வளர்த்தெடுத்த பார்வை. அந்த உணர்வுக்குப் பழைய உடை ஒன்று தேவைப்படும்போது மனம் முதலில் எடுப்பது முதன்முதலில் அதை அனுபவித்த இடத்தை. குறித்த தேதியில், குறித்த மணிக்கு, தனியாக உட்கார வைத்து, இன்னொருவர் மதிப்பிடும் அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் வாய்த்தது தேர்வு ஹாலில்தான். "நான் பட்டம் வாங்கியாயிற்றே" என்ற எளிய கேள்வி கனவுக்குள் எழாமல் போவதற்கும் காரணம் உண்டு. ரெம் உறக்கத்தில் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கும், நெற்றிக்குப் பின்னால் சரிபார்க்கும் வேலையைச் செய்யும் மூளைப் பகுதிகள் அடங்கியிருக்கும்.

ஏன் கணக்கு என்பதற்கு உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்ட் எழுதியது இன்றும் பயன்படுகிறது. அவர் தடய மருத்துவத் தேர்வில் தோற்றவர். அது அவர் கனவில் வந்ததே இல்லை. வந்தவை தாவரவியல், விலங்கியல், வேதியியல்: பயந்துகொண்டே எழுதி, எப்படியோ தேறிய பாடங்கள். தேர்வில் தேறியவர்களுக்குத்தான் இந்தக் கனவு வருகிறது, மறுநாள் பொறுப்பான காரியம் இருக்கும்போது வருகிறது, "அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், ஒன்றும் ஆகவில்லையே" என்று அது ஆறுதல் சொல்கிறது என்பது ஷ்டேக்கெல் என்ற சக ஊழியரின் கவனிப்பை ஒட்டி அவர் சொன்ன விளக்கம். தோற்ற பாடத்தையே கனவில் காண்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இவரிடம் "கணக்கில் தோற்றீர்களா?" என்று கேட்டபோது இல்லை என்றார். மூன்று இரவு மட்டும் படித்து, முதல் தடவையிலேயே, ஓரிரு மதிப்பெண் கூடுதலாகத் தப்பித்தாராம். ஒரு நொடி தயங்கிவிட்டு, "அந்த பாஸ் எனக்குச் சொந்தமில்லாத மாதிரியே இருக்கும்" என்றார். பதவி உயர்வைப் பற்றியும் இரண்டு வாரம் முன்பு ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார். நான் அதை நினைவூட்டினேன். அன்றைய அமர்வில் அதற்குமேல் எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

அவருக்கு இருந்த இன்னொரு பயம், இந்தக் கனவு தோல்விக்கு முன்னறிவிப்போ என்பது. அதற்கு நேரடியான பதில் இருக்கிறது. பாரிஸில் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் விசாரித்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 60 சதவீதம் பேர் முந்தைய இரவு தேர்வைப் பற்றிக் கனவு கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் நாலில் மூன்றுக்கும் மேல் தாமதமாவது, விடை மறப்பது போன்ற சிக்கல்கள்தான். கனவு கண்டவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. கனவு கண்டதால் நன்றாக எழுதினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, தேர்வை மனதில் போட்டு உருட்டியவர்களுக்கு இரண்டுமே நடந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், கனவில் கோட்டைவிட்டவர் நேரிலும் கோட்டைவிடுவார் என்பதற்கு அங்கே இடமில்லை. நாளைய தேர்வுக்கு முந்தைய இரவைப் பற்றிய ஆய்வு இது, 19 ஆண்டு கழித்து வரும் கனவைப் பற்றியது அல்ல என்பதையும் அவரிடம் சொன்னேன்.

செய்தது

மூன்று காரியங்கள். முதலாவது, திங்கட்கிழமையே இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல்: "புதன்கிழமை எந்த மூன்று விஷயங்களைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" முதல் வாரம் இரண்டு வரியில் பதில் வந்தது. இரண்டாவது வாரம் வரவில்லை. அன்றைக்கு அவர் தானே மூன்று தலைப்புகளை முடிவு செய்து, கூட்டத்தை அவற்றோடு தொடங்கினார். இயக்குநர் மறுக்கவில்லை. அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. பாடத்திட்டம் இல்லாத பரீட்சைக்குத் தானே ஒரு பாடத்திட்டம் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. அந்த வார இறுதியிலேயே போனார். அளவு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது, மருத்துவரைப் பார்த்து உணவை மாற்றத் தொடங்கினார்.

மூன்றாவது கனவை மாற்றி எழுதும் பயிற்சி. கெட்ட கனவுகளுக்கு நன்கு சோதிக்கப்பட்ட முறை இது. பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, கனவை விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும். எப்படி மாற்றுவது என்பதைக் கனவு காண்பவரே முடிவு செய்ய வேண்டும். பிறகு தினமும் பத்து இருபது நிமிடம் புதிய வடிவத்தை மட்டும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழையதைத் திரும்ப ஓட்டக் கூடாது. அவர் முதலில் எழுதியது, தான் எல்லா விடைகளையும் மளமளவென்று எழுதி முதல் மதிப்பெண் வாங்குவதாக. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பொய் மாதிரி இருக்கிறது, ஒட்டவில்லை" என்று அடித்துவிட்டார். மறுபடி எழுதியதில் அவர் கையைத் தூக்குகிறார். கண்காணிப்பாளர் பக்கத்தில் வருகிறார். "இந்தத் தாள் எனக்குரியது இல்லை, மாற்றிக் கொடுங்கள்" என்கிறார். கண்காணிப்பாளர் தாளைப் பார்த்துத் தலையசைத்து வேறு தாள் எடுக்கப் போகிறார். அவ்வளவுதான். அது ஒட்டிக்கொண்டது.

மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்க விட்டது என் பிழை. அடுத்த 12 வாரங்களில் கனவு இரண்டே முறை வந்தது. ஆனால் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மின்னஞ்சலை மட்டும் முதலில் தொடங்கி, நாலு வாரம் பொறுத்து அடுத்ததுக்குப் போயிருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். என் கணிப்பு மின்னஞ்சல்தான் என்பது. அவரைக் கேட்டால் ரத்தப் பரிசோதனை என்பார். உறங்கும் நேரத்தையும் அவர் பதினொன்றரைக்கு முன்னால் தள்ளியிருந்தார், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போகும் தேர்வுக் கனவுக்கு இத்தனை பாடு தேவையில்லை. பல வாரங்களாக அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால், படுக்கவே பயம் வந்தால், பகல் வேலை பாதிக்கப்பட்டால் ஒரு மனநல நிபுணரையோ உறக்க மருத்துவரையோ பார்ப்பது நல்லது. சந்தேகம் மருந்தின்மேல் என்றால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

அந்த 12 வாரங்களில் வந்த இரண்டு கனவுகளில் கடைசியானதை அவர் நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "புதன் காலை 5.30. ஹாலில் இருந்தேன். தாள் கணக்குத்தான். கையைத் தூக்கவில்லை, ஆனால் தூக்கலாம் என்று தெரிந்தது. முதல் கேள்வியை வாசிக்க முடிந்தது. அலாரம் அடித்து எழுந்தேன்."